பெயருக்கு ஒரு சம்பவம்

விருது மேடையில் “குடும்பத்துக்கு நன்றி, சக வீரர்களுக்கு நன்றி” என்று முடித்துக்கொள்ளும் பேச்சை யார் வேண்டுமானாலும் பேசலாம். அதனால்தான் அது மனப்பாடமாக ஒலிக்கிறது. 2014 மே மாதம் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கெவின் டுரான்ட், என்பிஏ-வின் சிறந்த வீரர் விருதை வாங்கியபோது ஓக்லஹோமா சிட்டி அணியினர் அவர் பின்னால் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, நேரே பார்த்துப் பேசினார். அணிக்கு வந்து இரண்டு மாதமே ஆன கேரன் பட்லரைக்கூட விடவில்லை. அணி தொடர்ந்து தோற்றிருந்த நேரத்தில், ‘சிறந்த வீரர் நீதான்’ என்ற பொருளில் தன் லாக்கரில் பட்லர் வைத்திருந்த துண்டுச்சீட்டை நினைவுகூர்ந்தார். பாராட்டுச் சொற்கள் யாருக்கும் பொருந்தும். அந்தச் சீட்டு பட்லருக்கு மட்டுமே பொருந்தும். தாயைப் பற்றிப் பேசும்போதும் ‘தியாகம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அவர் நிற்கவில்லை. கட்டிலும் நாற்காலியும் இல்லாத முதல் வீட்டில் எல்லோரும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும், பிள்ளைகளைச் சாப்பிட வைத்துவிட்டு அம்மா பசியோடு படுத்ததையும் சொன்னார். உண்மையில் சிறந்த வீரர் நீங்கள்தான் என்று அதன்பிறகே சொன்னார். இந்த வரிசை முக்கியம். சம்பவம் இல்லாமல் அந்த வரி மட்டும் வந்திருந்தால் சினிமா வசனமாகியிருக்கும். ஆகவே விருது வாங்கப் போகிறவர் வாக்கியங்களை எழுதி வைக்க வேண்டாம். பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சம்பவத்தைக் குறித்தால் போதும். சம்பவம் நினைவுக்கு வராத பெயருக்குரியவரிடம், மேடை ஏறும் முன்பே தனியாக நன்றி சொல்லிவிடலாம்.