12ஏபி பதிவு இருந்தும் அறக்கட்டளைக்கு வரி வருவது ஏன்?

ஆவடி, பூந்தமல்லி பக்கம் சின்னச் சின்ன அறக்கட்டளை நடத்துபவர்கள் பலர், 12ஏபி பதிவு கிடைத்துவிட்டால் வரியே கிடையாது என்று நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். 2025-26 நிதியாண்டு வருமானம் வரை பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டம், வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே அறப்பணிக்குச் செலவு செய்யச் சொல்கிறது.

செலவு குறைந்தால் என்ன ஆகும்?

அம்பத்தூரில் மாலை நேர டியூஷன் நடத்தும் ஒரு டிரஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 10 லட்சம் ரூபாய், செலவு 6.5 லட்சம். 8.5 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். 2 லட்சம் குறைகிறது. அப்படியே விட்டால் அந்த 2 லட்சத்துக்கு 30 சதவீதம், அதாவது 60,000 ரூபாய் வரி. செஸ் தனி.

தப்பிக்க வழி உண்டா?

உண்டு. வகுப்பறை கட்ட என்பதுபோல் குறிப்பான காரணம் சொல்லி, படிவம் 10 தாக்கல் செய்து, பணத்தை வங்கி டெபாசிட்டில் போட்டு 5 ஆண்டு வரை வைக்கலாம். 'கல்விப் பணிக்கு' என்று பொதுவாக எழுதினால் கேள்வி வரலாம்.

கெடு எப்போது?

தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. ஐடிஆர்-7 ரிட்டர்னுக்கு அக்டோபர் 31. படிவம் 10-ஐ அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ரிட்டர்னே போடாவிட்டால், முழுசா செலவு செய்திருந்தாலும் விலக்கு கிடைக்காது.