"199 ரூபாய்க்கு மேல் டெலிவரி ஃப்ரீ": பெரம்பலூர் மளிகைக் கடைக்கு இந்தக் கணக்கு ஏன் உதைக்கிறது?

சென்னையிலும் பெங்களூருவிலும் பார்த்த விளம்பரத்தை அப்படியே எடுத்துத் தன் செயலியில் போட்டுக்கொள்வதுதான் சின்ன ஊர் மளிகைக் கடைகள் முதலில் செய்யும் வேலை. "199-க்கு மேல் டெலிவரி இலவசம், 5 கிலோமீட்டருக்குள் எங்கும்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரம்பலூர் பழைய பேருந்து நிலையம் பக்கத்தில் இருக்கும் ஒரு கடை இதை ஒரு மாதம் நடத்தினால் கையில் என்ன மிஞ்சும்? போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில், ஒரு ஆர்டரைக் கொண்டுபோய்க் கொடுக்க உண்மையில் எவ்வளவு ஆகிறது? பெட்ரோல் மட்டும்தான் செலவு என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் பெரிய செலவு நேரம். டெலிவரி செய்பவருக்கு நாளுக்கு 600 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அவர் எட்டு மணி நேரம் கடையில் இருந்தாலும், ஆர்டருக்காக உண்மையில் உழைக்கும் நேரம் ஐந்து மணி நேரம்தான் தேறும். மதியம் இரண்டு மணிக்கு யார் துவரம் பருப்பு கேட்கிறார்கள்? ஆக 300 நிமிடத்துக்கு 600 ரூபாய். ஒரு நிமிடம் 2 ரூபாய். வண்டிக்கு பெட்ரோல், ஆயில், டயர் தேய்மானம் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 4 ரூபாய் போடலாம். பைக்கும் பணப் பரிமாற்றச் செலவுமாக ஆர்டருக்கு 4 ரூபாய்.

2 கிலோமீட்டர் வரை முதல் மண்டலம் என்று வைத்தால், சராசரி தூரம் ஒன்றரை கிலோமீட்டர், போய்வர 3. வண்டிக்கு 12 ரூபாய். ஓட்ட 9 நிமிடம், எடுத்துக் கட்டிக் கொடுத்து, வாசலில் நின்று சில்லறை வாங்க 8 நிமிடம், மொத்தம் 17 நிமிடத்துக்கு 34 ரூபாய். பைச் செலவையும் சேர்த்தால் 50 ரூபாய். அதாவது பக்கத்துத் தெருவுக்குப் போகும் ஆர்டருக்கே 50 ரூபாய் ஆகிறது.

இப்போது லாபத்தைப் பார்ப்போம். அரிசி, எண்ணெய், சர்க்கரையில் மார்ஜின் மிகக் குறைவு. மசாலா, பருப்பு, சில்லறைச் சாமான்களில் கொஞ்சம் கூடும். கலந்து பார்த்தால் 12 சதவீதம் என்று வைப்போம். அதில் பாதி வாடகை, மின்சாரம், கெட்டுப்போகும் சரக்கு, கடைக்காரரின் குடும்பம் என்று போய்விடும். டெலிவரிக்காக விட்டுக்கொடுக்க முடிந்தது மிஞ்சிப்போனால் 6 சதவீதம். 199 ரூபாயில் 6 சதவீதம் 12 ரூபாய். செலவு 50. ஒரு ஆர்டருக்கு 38 ரூபாய் கைநஷ்டம். நாளுக்கு இருபது ஆர்டர் வந்தால், மாதம் 26 நாளில் கிட்டத்தட்ட 19,760 ரூபாய். டெலிவரி செய்பவரின் மாதச் சம்பளத்தைவிட இது அதிகம். ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் கூடும் என்பதுதான் இதில் வேடிக்கை.

பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்கலாம். அவர்களுக்கு விளம்பர வருமானம் உண்டு, ஒரே தெருவில் மணிக்குப் பல ஆர்டர் விழும் நெருக்கம் உண்டு, முதலீட்டாளர் பணமும் உண்டு. அதுவும் எல்லா நேரமும் காப்பாற்றாது. பெங்களூருவில் தொடங்கிய டன்ஸோவில் கூகுளும் ரிலையன்ஸ் ரீடெய்லும் பணம் போட்டிருந்தன. 2022-23 நிதியாண்டில் அதன் வருமானம் சுமார் 226 கோடி ரூபாய், நஷ்டம் சுமார் 1,800 கோடி. 2025 ஜனவரியில் செயலியே நின்றுபோனது. மறுபக்கம், 2023-ல் ஸ்விக்கியும் சொமேட்டோவும் ஆர்டருக்கு 2 ரூபாய் 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' என்று தொடங்கி, பிறகு படிப்படியாக ஏற்றின. யாரும் எதையும் சும்மா கொண்டுவந்து தருவதில்லை.

தூரமும் குறைந்தபட்ச ஆர்டரும் ஒரே கணக்கு

பெரும்பாலான செயலிகளில் டெலிவரி கட்டணம் ஒரு பக்கம், குறைந்தபட்ச ஆர்டர் தொகை ஒரு பக்கம் என்று தனித்தனியாக நிற்கின்றன. எல்லா மண்டலத்துக்கும் ஒரே குறைந்தபட்சம். என் கருத்தில் அடிப்படைத் தவறே இதுதான். இரண்டும் ஒரே செலவை அடைக்கத்தான் இருக்கின்றன. செலவில் வாடிக்கையாளர் தரும் கட்டணத்தைக் கழியுங்கள்; மிச்சத்தை 6 சதவீதத்தால் வகுங்கள். வருவதுதான் அந்த மண்டலத்தின் குறைந்தபட்ச ஆர்டர்.

முதல் மண்டலத்தில் செலவு 50, கட்டணம் 20. மிச்சம் 30 ரூபாய். அது வர 500 ரூபாய்க்கு ஆர்டர் வேண்டும். எளம்பலூர் மாதிரி ஊரை ஒட்டிய பகுதிகளை இரண்டாவது மண்டலம் என்று, 2 முதல் 5 கிலோமீட்டர் வரை வைத்தால், இதே முறையில் செலவு 82 ரூபாய் வருகிறது. கட்டணம் 40 என்றால் குறைந்தபட்சம் 700. சிறுவாச்சூர் போன்ற 5 முதல் 10 கிலோமீட்டர் தூரத்துக்கு செலவு 148. கட்டணம் 70 வைத்தாலும் குறைந்தபட்சம் 1,300 ரூபாய். இலவச டெலிவரி கொடுத்தே தீரவேண்டுமா? முதல் மண்டலத்தில் 850 ரூபாய்க்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம்.

குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே வரும் ஆர்டரை "ஏற்க முடியாது" என்று திருப்பி அனுப்பத் தேவையில்லை. குறையும் தொகையில் 6 சதவீதத்தைக் கூடுதலாக வாங்கினால் போதும். 300 ரூபாய் ஆர்டர் என்றால் 200 குறைகிறது. அதற்கு 12 ரூபாய். மொத்தக் கட்டணம் 32. அவசரமாக முட்டையும் மல்லித்தழையும் வேண்டும் என்பவர் அதைக் கொடுத்துவிட்டுப் போவார். அவசரமில்லாதவர் இன்னும் இரண்டு சாமான் சேர்ப்பார்.

நம்ம ஊர்ப் பழக்கம் இதற்கு உதவுகிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாத மளிகை லிஸ்ட் போடும் வீடுகள் இன்னும் ஏராளம். சம்பளம் வந்த வாரத்தில் வரும் அந்த லிஸ்ட் எந்த மண்டலத்தின் குறைந்தபட்சத்தையும் சுலபமாகத் தாண்டிவிடும். சிக்கல் எல்லாம் மாத நடுவில் வரும் சில்லறை ஆர்டர்களில்தான்.

ஒரு எச்சரிக்கை. 1,500 ரூபாய்க்கு 26 கிலோ அரிசி மூட்டை ஒன்றை மட்டும் ஆர்டர் செய்தால் சிறுவாச்சூரின் 1,300 ரூபாய் வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் அரிசியில் 4 சதவீதம்தான் லாபம் என்றால் மொத்தமே 60 ரூபாய். கட்டணம் போக டெலிவரிக்கு வேண்டியது 78. முழு லாபமும் போய், மேலே 18 ரூபாய் கையிலிருந்து போகும். மூட்டை அரிசியையும் எண்ணெய் டின்னையும் குறைந்தபட்சக் கணக்கில் பாதி மதிப்புக்கு எடுப்பது நல்லது. செயலியில் அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

வட்டம் போடாதீர்கள்

மண்டலத்தை எப்படி வரைவது? கடையை மையமாக வைத்து 2, 5, 10 கிலோமீட்டரில் வட்டம் போடுவதுதான் வழக்கம். செயலி அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நேர்கோட்டுத் தூரத்தைச் சொல்லிவிடும். காகம் பறக்கும் தூரம் அது. வண்டி காகம் இல்லை. பெரம்பலூரை ஒட்டி திருச்சி - சென்னை நான்குவழிச் சாலை ஓடுகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியும் வீட்டுக்குப் போக, கடக்கும் இடம் வரை சென்று திரும்பி வர வேண்டும். அரியலூரில் ரயில் பாதை இதே வேலையைச் செய்கிறது. பின்கோடை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அதுவும் சரிவராது. 621212-க்குள் பெரம்பலூர் நகரமும் வரும், சுற்றுப்பட்டும் வரும்.

சாலைத் தூரம் கணக்கிட்டுத் தரும் வரைபடச் சேவைகள் உண்டு. ஆனால் இவ்வளவு சின்ன ஊருக்கு நான் சொல்வது பழைய வழிதான். தெருப்பெயர், நகர்ப்பெயர், கிராமப்பெயர் என்று ஒரு பட்டியல் போட்டு, டெலிவரி செய்பவரையே பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றுக்கும் மண்டலம் குறியுங்கள். எந்தப் பாதை மழையில் சேறாகும், எந்தக் கேட் எப்போது மூடும் என்று அவருக்குத்தான் தெரியும். எல்லைக்கோடு ஒரு தெருவின் நடுவே விழக்கூடாது. எதிர்வீட்டுக்கு 20 ரூபாய், நமக்கு 40 ரூபாயா என்ற சண்டை அங்கேதான் வரும்.

1,300 ரூபாய் குறைந்தபட்சம் வைத்தால் சிறுவாச்சூர்க்காரர்கள் செயலியை அழித்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார்கள் என்பீர்கள். உண்மைதான். அதற்கு வழி, கேட்ட உடனே அனுப்பாமல், காலை 11 மணி, மாலை 5 மணி என்று இரண்டு நடை வைப்பது. ஒரே நடையில் மூன்று ஆர்டர் போனால், கூடுதலாக 2 கிலோமீட்டர் சுற்றினாலும் வண்டிக்கு 72, ஒரு மணி நேரத்துக்கு 120, பைகளுக்கு 12 என்று மொத்தம் 204 ரூபாய்தான். ஆர்டருக்கு 68. கட்டணத்தை 30 ஆகக் குறைத்தாலும் குறைந்தபட்சம் 650 போதும். 'பத்து நிமிடத்தில் டெலிவரி' என்ற போட்டியில் இறங்காமல் இருந்தாலே கிராமத்து வாடிக்கையாளருக்குப் பாதிக் கட்டணம் குறைகிறது.

பில்லில் எங்கே காட்டுவது?

கட்டணத்தைக் கடைசித் திரையில் திடீரென்று காட்டுவது தொழில் ஒழுங்குக்கு மட்டுமல்ல, விதிக்கும் எதிரானது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகள், ஏமாற்றும் வடிவமைப்புகள் என்று 13 வகையைப் பட்டியலிடுகின்றன. விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக் காட்டுவதும் அதில் ஒன்று. முகவரி போட்டவுடனே "உங்கள் தெருவுக்கு 20 ரூபாய், 500-க்கு மேல்" என்று காட்டிவிடுங்கள். ஆர்டர் 520 ரூபாய்க்கு வந்து, கடையில் ஒரு சாமான் இல்லாமல் 460 ஆகக் குறைந்தால், அந்தக் குறைவுக்கு வாடிக்கையாளரிடம் கூடுதல் கேட்கக்கூடாது. இருப்பைச் சரியாக வைக்காதது கடையின் பாடு.

பல கடைகளைச் சேர்த்து நடத்தும் செயலியாக இருந்தால் வரியையும் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவில்லாத ஆட்கள் மூலம் செய்யும் உள்ளூர் டெலிவரிக்கு 18 சதவீத வரியைச் செயலி நடத்துபவரே கட்ட வேண்டும் என்பது 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறை. வரி உட்பட 20 ரூபாய் வாங்கினால் கையில் நிற்பது 17 தான். முதல் மண்டலக் குறைந்தபட்சம் 500-லிருந்து 550 ஆகிவிடும்.

இந்த எண்கள் எல்லாம் ஒரு கடைக்கான உதாரணம். உங்கள் சம்பளமும் மார்ஜினும் வேறாக இருக்கும். சரியாகப் போட்டிருக்கிறோமா என்று ஒரு மாதம் கழித்து இரண்டு இடத்தில் பார்த்தால் தெரியும். ஒன்று, பாதியில் விட்டுப்போன கூடைகள். 420, 450, 480 என்று குறைந்தபட்சத்துக்குச் சற்றுக் கீழே நிறையக் கூடைகள் நின்றுபோயிருந்தால், கூடுதல் கட்டணம் வாடிக்கையாளரை விரட்டுகிறது என்று அர்த்தம். மற்றொன்று, வண்டியின் கிலோமீட்டர் மீட்டர். செயலி சொல்லும் மொத்தத் தூரம் 1,100 என்றும் மீட்டர் 1,500 என்றும் காட்டினால், எங்கோ ஒரு தெரு தவறான மண்டலத்தில் இருக்கிறது, அல்லது ஒரே ஊருக்கு ஒரே நாளில் மூன்று தடவை வண்டி போய்க்கொண்டிருக்கிறது.