பிளாட்டினம் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: "முசே, பிளாட்டினம் தங்கத்தைவிட அபூர்வமாம். ஒரு காலத்தில் விலையும் தங்கத்தைவிட அதிகம். இப்போது பாதிகூட இல்லை. வீட்டில் சும்மா கிடக்கும் வளையல்களைப் போட்டுவிட்டு பிளாட்டினமாக வாங்கி வைத்தால் பிற்காலத்தில் ஏறாதா?"

அவர் சொன்ன செய்திகள் எல்லாம் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அபூர்வம் என்பது உண்மை. உலகச் சுரங்கங்களில் ஆண்டுக்குச் சுமார் 3,600 டன் தங்கம் கிடைக்கிறது. பிளாட்டினம் 200 டன்னைத் தொடுவதே அரிது. 2008 மார்ச்சில் ஒரு அவுன்ஸ், அதாவது 31 கிராம், தங்கம் 1,000 டாலர் விற்றபோது பிளாட்டினம் 2,000 டாலருக்கு மேல் விற்றது. அப்புறம் ஏன் கீழே போனது?

தங்கத்தை யாரும் தீர்த்துவிடுவதில்லை. பாட்டியின் காசுமாலை உருகி பேத்தியின் சங்கிலி ஆகிறது. ரிசர்வ் வங்கி முதல் நம் வீட்டு பீரோ வரை அதைச் சொத்தாகப் பூட்டி வைக்கிறார்கள். உலகத்துக்குப் பயம் வந்தால் தங்கம் ஏறும்.

பிளாட்டினத்தின் தலையெழுத்து வேறு. அதைப் பெருமளவில் வாங்குவது நகைக்கடை அல்ல, கார் தொழிற்சாலை. காரின் புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் ஒரு பெட்டி இருக்கிறது. அதன் உள்ளே சில கிராம் அளவில் இந்த உலோகங்களைப் பூசுகிறார்கள். டீசல் வண்டிக்கு முக்கியமாக பிளாட்டினம், பெட்ரோல் வண்டிக்கு அதன் தம்பியான பல்லேடியம். 2015இல் வோக்ஸ்வாகன் நிறுவனம் டீசல் புகைச் சோதனையில் ஏமாற்றியது வெளிவந்தது. ஐரோப்பாவில் டீசல் காருக்கு மவுசு குறைந்தது, பிளாட்டினத்துக்கும்தான். மின்சார வண்டிக்கோ புகைக்குழாயே கிடையாது.

பல்லேடியத்தின் கதை இன்னும் மோசம். 2001 தொடக்கத்தில் அவுன்ஸ் 1,000 டாலரைத் தாண்டியது, இரண்டே ஆண்டில் 200க்கும் கீழே விழுந்தது. இந்த உலோகத்தைப் பெருமளவில் தருவது ரஷ்யா. அது உக்ரைன்மேல் படையெடுத்த பிறகு, 2022 மார்ச்சில் 3,000 டாலரைத் தாண்டியது. 2023 முடிவதற்குள் மறுபடி 1,000 அளவுக்கு வந்துவிட்டது. பென்ஷன்காரர்கள் ஏறக்கூடிய ஊஞ்சலா இது?

விலை ஏறினாலும் நகையாக வாங்கியவருக்கு வேறொரு தொல்லை உண்டு. தங்கத்தை எந்தக் கடையிலும் போடலாம், அடகு வைக்கலாம், நம் தெருப் பத்தரே உருக்கித் தருவார். தங்கம் 1,064 டிகிரியில் உருகும், பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். பத்தரின் சாதாரண ஊதுகுழலுக்கு அது மசியாது. பெரும்பாலும் வாங்கிய கடைக்கே திரும்பிப் போக வேண்டும், அவர்கள் கழிக்கிற கழிவையும் ஏற்க வேண்டும். வங்கியில் நகைக்கடன் என்று போனால் பொதுவாகப் பிளாட்டினத்தை எடை போட மாட்டார்கள்.

கிராம் விலை குறைவு என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிளாட்டினம் கனமான உலோகம். 22 காரட் தங்கத்தில் 4 கிராம் வரும் மோதிரத்தை அதே அச்சில் பிளாட்டினத்தில் செய்தால் ஏறக்குறைய 4.7 கிராம் வரும். அதற்கு மேல் செய்கூலி. அது பெரும்பாலும் தங்கத்தைவிட அதிகம், விற்கும்போது திரும்பி வராது.

இதனால் பிளாட்டினம் மட்டமான பொருள் ஆகிவிடாது. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு "பிளாத்தீன்" என்றுதான் அறிமுகம். பாரிஸ் அருகே செவ்ரில் வைத்திருந்த உலகத்தின் மூலக் கிலோ எடைக்கல் அதில்தான் செய்தது, நூற்றுக்குப் பத்து பங்கு இரிடியம் சேர்த்து. துருவேறாது, எளிதில் தேயாது என்பதுதான் காரணம். மோதிரத்துக்கும் அதே குணம் உதவும். கீறல் விழுந்தால் உலோகம் ஓரமாக ஒதுங்குமே தவிர அவ்வளவாக உதிர்ந்து போகாது. வைரத்தைப் பிடிக்கும் கொக்கிக்கு அதைவிட நல்லது இல்லை. பேரனுக்கு நிச்சயதார்த்த மோதிரம் அதில்தான் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கித் தாருங்கள். போட்டு மகிழ்வதற்கான செலவு என்று கணக்கில் எழுதிவிடுங்கள்.

வாங்கும்போது மோதிரத்தின் உட்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். 950 என்று இருந்தால் ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம். 750 என்று இருந்தால் அது பெரும்பாலும் வெள்ளைத் தங்கம், அதாவது 18 காரட் தங்கத்தில் பல்லேடியமோ நிக்கலோ கலந்து வெளுக்க வைத்து, மேலே ரோடியம் முலாம் பூசியது. சில வருடங்களில் முலாம் தேய்ந்து இலேசான மஞ்சள் தெரியும், மறுபடி பூச வேண்டும். கல்யாண வீடுகளில் "பிளாட்டினம்" என்று காட்டுகிறவற்றில் பல இந்த வகைதான். பில்லில் உலோகத்தின் பெயரும் எடையும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.