ஒப்புக்கொண்டவர் ஏன் வரவில்லை?

கிள்ளான் துறைமுகப் பகுதியில் சரக்கு அனுப்பும் நிறுவனம் நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு 12 பேருக்கு நியமனக் கடிதம் கொடுத்தார். 12 பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வேலையில் சேரும் நாளன்று 5 பேரைக் காணவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் நீல நிறக் குறி விழுந்தும் பதில் இல்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாக்கு சுத்தம் இல்லை சார்" என்று அவர் முடித்துவிட்டார்.

எனக்கு அந்த முடிவில் சம்மதமில்லை. கையெழுத்துப் போட்ட நாளுக்கும் சேரும் நாளுக்கும் இடையில் ஒரு மாதத்துக்கு மேல் போகிறது. அந்த ஒரு மாதத்தில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து, அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை விட்டு அந்த ஐவரிடமும் பேச வைத்தோம். கோபித்துக்கொள்ளாமல் கேட்டால் பெரும்பாலோர் சொல்லிவிடுகிறார்கள். அதில் ஒருவருடைய கதையை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன், மற்றவர்களுடையதும் ஏறக்குறைய இதே பாதையில்தான் போகிறது.

அவர் ஃபார்வர்டிங் கிராணி. பூச்சோங்கில் வீடு. அப்போது வாங்கிய சம்பளம் 2,800 வெள்ளி, நண்பர் தருவதாகச் சொன்னது 3,200. ஜனவரி 6-ஆம் தேதி தொலைபேசியில் "உங்களை எடுத்துக்கொள்கிறோம்" என்றார்கள். கடிதம் கைக்கு வந்தது 15-ஆம் தேதி. முதலாளி வெளியூரில் இருந்ததால் கையெழுத்து தாமதம், அவ்வளவுதான். ஆனால் அந்த 9 நாளும் வேலை தேடுகிறவர் மற்ற நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார். காகிதத்தில் இல்லாததை யாரும் நம்பி உட்காருவதில்லை.

15-ஆம் தேதியே அவர் கையெழுத்துப் போட்டார். சேரும் நாள் பிப்ரவரி 17 என்று கடிதத்தில் இருந்தது. பழைய இடத்தில் அவர் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அப்படியானால் மறுநாளே பதவி விலகல் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். அவர் கொடுக்கவில்லை. சீனப் பெருநாளுக்கு முன்பு, ஜனவரி கடைசியில், பழைய கம்பெனியில் போனஸ் போடுவார்கள். அதற்கு முன்பு விலகினால் போனஸ் கிடைக்காது. யார்தான் விடுவார்கள்? பணம் கணக்கில் விழுந்த பிறகு, 27-ஆம் தேதி கடிதம் கொடுத்தார். ஆக, அவருடைய கடைசி நாள் பிப்ரவரி 26. பிப்ரவரி 17-இல் அவரால் சேரவே முடியாது. இதைப் புதிய இடத்தில் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே நாளைக் கடத்தினார்.

அதற்குள் பழைய முதலாளி கூப்பிட்டு 300 வெள்ளி ஏற்றித் தருவதாகச் சொன்னார். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய வேலையில் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 100 வெள்ளி. பூச்சோங்கிலிருந்து தினமும் கெசாஸ் டோல், பெட்ரோல், காலை 8 மணிக்கு கொள்கலன் லோரிகளுக்கு நடுவே நெரிசல். வீட்டுக்காரம்மா கேட்ட ஒரு கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. நல்ல மனிதர்தான். சொல்ல வெட்கம், அதனால் தொலைபேசியை எடுக்கவில்லை.

இந்தக் கதையில் நிறுவனம் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய இடங்கள் எத்தனை! "போனஸ் எப்போது போடுவார்கள்?" என்று நேர்முகத் தேர்விலேயே கேட்டிருந்தால், சேரும் நாளை மார்ச் 3 என்று வைத்திருக்கலாம். இரண்டு வாரம் தாமதம்தான், ஆனால் ஆள் வந்திருப்பார். நம் நாட்டில் டிசம்பர், ஜனவரியில் ஆள் எடுக்கும் எவரும் இந்தக் கேள்வியை விடக்கூடாது.

நோட்டீஸ் காலத்தையும் ஊகிக்கக் கூடாது. வேலை ஒப்பந்தத்தில் எதுவும் குறிப்பிடாவிட்டால் 1955 வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். ஒப்பந்தத்தில் மூன்று மாதம் என்றிருந்தால் மூன்று மாதம்தான். மீதி நாளுக்குரிய சம்பளத்தைக் கட்டிவிட்டு முன்கூட்டியே வெளியேறவும் சட்டம் இடம் தருகிறது. 2,800 வெள்ளிக்காரர் இரண்டு வாரம் முன்னதாக வர ஏறத்தாழ 1,400 வெள்ளி. அந்த மேசை இரண்டு வாரம் காலியாகக் கிடந்தால் ஆகும் நட்டத்தோடு ஒப்பிட்டு, புதிய நிறுவனமே அதை ஏற்றுக்கொள்வதும் உண்டு. எல்லோருக்கும் கட்ட முடியாது, அவசரமான பதவிக்கு மட்டும்.

ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான அடையாளம் பதவி விலகல் கடிதம்தான். நியமனக் கடிதத்தில் போடும் கையெழுத்துக்கு ஒரு செலவும் இல்லை. பழைய முதலாளியின் மேசையில் விலகல் கடிதத்தை வைப்பதில்தான் ஒருவர் உண்மையில் முடிவெடுக்கிறார். அதனால் கையெழுத்தான மூன்றாம் நாள் கூப்பிட்டு, "கடிதம் கொடுத்தாச்சா? கடைசி நாள் என்றைக்குப் போட்டிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். தேதியைச் சட்டென்று சொல்பவர் பெரும்பாலும் வருவார். "பாஸ் லீவில் இருக்கிறார், அடுத்த வாரம் கொடுக்கிறேன்" என்று இரண்டு முறை கேட்டால், நீங்கள் வேறு ஆளையும் பார்க்கத் தொடங்கலாம். சேமநிதி எண், வங்கிக் கணக்கு விவரம் கேட்டு ஒரு வாரமாகியும் வராததும் அதே ரகம்.

சம்பள உயர்வு ஆசை காட்டுவார்கள் என்பதையும் நாமே முதலில் பேசிவிடுவது நல்லது. "நீங்கள் கடிதம் கொடுத்ததும் உங்கள் பாஸ் முந்நூறு, நானூறு ஏற்றித் தருகிறேன் என்பார். அப்போது என்ன செய்வீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். சம்பளம் ஒன்றுக்காகத்தான் மாறுகிறார் என்றால் அது பதிலிலேயே தெரிந்துவிடும். அங்கே பதவி உயர்வுக்கு வழியில்லை, ஞாயிறும் வேலை என்று வேறு காரணம் சொல்பவரை முந்நூறு வெள்ளி கட்டிப்போடாது.

இடைப்பட்ட வாரங்களில் யார் பேசுவது? மனிதவளப் பிரிவு அனுப்பும் வாழ்த்துச் செய்தியால் பயனில்லை. அவர் யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறாரோ அந்த மேற்பார்வையாளர் வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் பேசட்டும். வண்டி எங்கே நிறுத்துவது, மதியச் சாப்பாடு எங்கே கிடைக்கும், எந்த ஷிஃப்ட் என்பதுதான் பேச்சு. மேற்குத் துறைமுகப் பக்கம் வேலை என்றால் பயணத்தை விசாரிக்காமல் விடாதீர்கள். கொமுட்டர் ரயில் கிள்ளான் துறைமுகத்தோடு நின்றுவிடும், பூலாவ் இண்டாவுக்கு அது போகாது. சொந்த வண்டி இல்லாதவர் இதைச் சேருவதற்கு முந்தின நாள் கண்டுபிடித்தால் மறுநாள் வரமாட்டார்.

சம்பளத் தேதியும் சிலரைத் தடுக்கும். 20-ஆம் தேதி சேருகிறவரிடம் "இந்த மாதக் கணக்கு முடிந்துவிட்டது, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம்" என்றால் நாற்பது நாள் கையில் காசில்லை. மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். எத்தனை நாள் வேலை செய்தாரோ அதற்கு உரியதைக் கொடுத்துவிடுங்கள்.

நண்பர் இவற்றில் சிலவற்றைத்தான் செய்தார். கடிதத்தை இரண்டு நாளில் கொடுப்பது, விலகல் தேதியைக் கேட்பது, மேற்பார்வையாளரைப் பேசச் சொல்வது. அடுத்து எடுத்த 9 பேரில் ஒருவர் மட்டும் வரவில்லை. அவரும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டார். சின்னக் கணக்குதான், பெரிதாகப் பறைசாற்ற முடியாது. வீட்டில் ஒருவர் திடீரென்று நோயில் விழுந்தாலோ, சிங்கப்பூரில் வேலை கிடைத்தாலோ எந்த ஏற்பாடும் ஆளைப் பிடித்து வைக்காது.

அதற்காகத்தான் இரண்டாவது இடத்தில் வந்தவரை உடனே கைகழுவ வேண்டாம் என்கிறேன். அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அவர் விலகல் கடிதம் கொடுத்ததும் உங்களுக்கு முடிவு சொல்கிறோம். அதற்குள் வேறு இடம் கிடைத்தால் தாராளமாகப் போங்கள்." நண்பரிடம் வேலைக்கு வராத அந்தப் பூச்சோங் கிராணியின் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அப்படி இரண்டாவதாக வந்தவர்தான். அவருக்கு வீடு பண்டமாரானில், மோட்டார் சைக்கிளில் வந்து போகிறார்.