எச்சரிக்கை வரைபடத்துக்கு நிறம் மட்டும் போதாது

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாள்களில் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட வாரியான எச்சரிக்கை வரைபடம், வெளியான சில நிமிடங்களிலேயே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்து வர வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கையில் இறங்க வேண்டும். சிவப்பு, பச்சை நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பிரித்தறியத் திணறும் வரிசையில்தான் இந்த நான்கு நிறங்களும் இருக்கின்றன. சில வரைபடங்களில் மழைக்கும் இடிக்கும் சின்னங்கள் இருப்பது உண்மை. ஆனால் என்ன வரப்போகிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன; எவ்வளவு தீவிரம் என்பதைச் சொல்லும் வேலை பெரும்பாலும் நிறத்திடமே விடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்தின் மீதும் எச்சரிக்கை நிலையை எண்ணாகவும் அச்சிட வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

இந்தக் குறைபாடு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. அதற்குக் காரணமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடையே அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு இருக்கிறது. இந்தியாவில் விகிதம் அதைவிடக் குறைவு என்றாலும் நம் மக்கள்தொகையில் அது சிறிய கூட்டமல்ல. இவர்களுக்கு உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவதில்லை. நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும். பச்சையிலிருந்து சிவப்பு வரையிலான வரிசைதான் மஞ்சளும் பழுப்புமாக ஒன்றோடொன்று குழைந்துவிடும்.

எச்சரிக்கை வரைபடத்தை அந்தக் கண்களால் பார்ப்போம். மஞ்சள் மாவட்டங்கள் பளிச்சென்று தெரியும். சிவப்பு, மங்கிய பழுப்பாகத் தெரியும். சிலருக்கு ஏறக்குறைய கருமையாகவே. சிக்கல் பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் இடையில் இருக்கிறது. அச்சிட்ட சாயல்கள் ஒரே அளவு வெளிச்சம் கொண்டவையாக அமைந்துவிட்டால், இரண்டும் ஒரே மங்கிய மஞ்சளாகத் தெரியும். அதாவது, ‘எச்சரிக்கை இல்லை’ என்பதும் ‘தயாராகுங்கள்’ என்பதும் ஒரே நிறத்தில் நிற்கும். பார்ப்பவருக்கு மஞ்சள்தான் கண்ணைப் பறிக்கும் என்பதால், குறைந்த எச்சரிக்கை உள்ள மாவட்டமே அதிக ஆபத்தில் இருப்பதாகத் தோன்றவும் வாய்ப்புண்டு.

‘அதற்குத்தான் போனிலேயே வசதி இருக்கிறதே’ என்று கேட்கலாம். இருக்கிறது, அதை எல்லோரும் தெரிந்துகொள்ளவும் வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் Settings, Accessibility, Color correction என்று போனால் சிவப்பு-பச்சைக் குறைபாட்டுக்கு இரண்டு தேர்வுகளும் நீல-மஞ்சள் குறைபாட்டுக்கு ஒன்றும் இருக்கும். சில மாடல்களில் பட்டியலின் அமைப்பு கொஞ்சம் மாறலாம். ஐபோனில் Settings, Accessibility, Display & Text Size, Color Filters. சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே கண் தவறவிடும் வேறுபாட்டை, கண்ணுக்குத் தெரிகிற நீல-மஞ்சள் வேறுபாடாக இந்த வடிகட்டி மாற்றிக் காட்டுகிறது. எந்தத் தேர்வு தனக்குப் பொருந்தும் என்பதை ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். பயன் உண்மையானது: குழைந்து கிடந்த இரண்டு மாவட்டங்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

ஆனால் பிரித்துக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. நிறத்தின் பெயரை அது சொல்வதில்லை. ‘எட்டு மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை’ என்று தொலைக்காட்சி சொல்லும்போது, வடிகட்டி போட்ட திரையில் அந்த மாவட்டங்கள் வேறு ஏதோ நிறத்தில் இருக்கும். படத்தின் ஓரத்தில் உள்ள விளக்கக் கட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பவர் முடிவுக்கு வர முடியும். பகிர்ந்து பகிர்ந்து தெளிவிழந்த படத்தில் அந்தக் கட்டம் கடுகளவு. பலர் அதை வெட்டிவிட்டே அனுப்புகிறார்கள். தொலைக்காட்சித் திரைக்கும், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளுக்கும், செய்தித்தாளுக்கும் போனின் இந்த அமைப்பு உதவாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலும் பழைய நிறங்களே போய்ச் சேரும்.

கேமராவைக் காட்டினால் நிறத்தின் பெயரைச் சொல்லும் செயலிகளும் உண்டு. Color Blind Pal அவற்றில் ஒன்று. பொருள்களின் லேபிள்களைப் படிக்க இவை கைகொடுக்கும். ஆனால் மஞ்சள் பல்பின் கீழ், பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில், ஒரே புள்ளியைச் சற்றே நகர்த்திப் பார்த்தால் செயலியின் பதில் மாறிவிடும். இந்திய உணவுப் பொட்டலங்களில் இருந்த சைவ, அசைவக் குறியீட்டை எண்ணிப் பாருங்கள். பல ஆண்டுகளாக இரண்டுமே சதுரத்துக்குள் ஒரு வட்டம். சைவத்துக்குப் பச்சை, அசைவத்துக்குப் பழுப்பு. சிறிய பொட்டலத்தில் வட்டத்தின் குறைந்தபட்ச விட்டம் 3 மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய புள்ளியில் பச்சையா பழுப்பா என்று தேடுவது, இந்தக் குறைபாடு உள்ளவருக்கு எந்தச் செயலியைக் கொண்டும் நிச்சயமாகத் தீராத சந்தேகம்.

அதைத் தீர்த்தது ஒரு விதி. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020 லேபிள் விதிமுறைகள், அசைவக் குறியீட்டின் வட்டத்தை முக்கோணமாக மாற்றின. பச்சை வட்டம் அப்படியே இருக்கிறது. இப்போது நிறமே தெரியாதவரும் வடிவத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். நிறம் தெரிகிறவர்கள் இதனால் எதையும் இழக்கவில்லை. உணவுப் பொட்டலத்துக்குச் செய்ய முடிந்ததை உயிர் காக்கும் வரைபடத்துக்குச் செய்யாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஜப்பான் இந்த வழியில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. அங்கு 2019 முதல் பேரிடர் எச்சரிக்கை 1 முதல் 5 வரை எண்ணால் சொல்லப்படுகிறது. வரைபடத்தில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, ஊதா, கறுப்பு என்று ஆபத்து கூடக் கூட நிறமும் அடர்த்தியாகிறது. அந்த வரிசையில் பச்சைக்கு இடமில்லை. நிறம் குழம்பினாலும் எண் குழம்பாது. ‘நிலை 4’ என்று வானொலியில் கேட்பவரும், வரைபடத்தில் 4 என்று பார்ப்பவரும் ஒரே செய்தியைப் பெறுகிறார்கள்.

நம் நிறங்களையே மாற்ற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ‘ரெட் அலர்ட்’ என்ற சொல் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது; அதைக் கலைத்தால் புதிய குழப்பம்தான் வரும். ஒவ்வொரு மாவட்டத்தின் மேலும் 1 முதல் 4 வரை எண் போடுங்கள். சிவப்பு மாவட்டங்களுக்குச் சாய்கோடுகளும் சேருங்கள். மஞ்சள் வெளிர், ஆரஞ்சு இடைநிலை, சிவப்பு அடர்த்தி என்று வெளிச்ச அளவு படிப்படியாக இறங்கும்படி சாயல்களைத் தேர்ந்தெடுங்கள். எச்சரிக்கை இல்லாத மாவட்டங்களுக்கு மிக வெளிறிய பச்சை போதும். படத்தின் கீழே ஆரஞ்சு, சிவப்பு மாவட்டங்களின் பெயர்களைத் தமிழில் எழுத்தாகவும் தாருங்கள். வரைபடம் தயாரிக்கும் மென்பொருளில் ஒருமுறை வார்ப்புருவை மாற்றினால் முடிகிற வேலை இது.

வானிலை மையம் மாற்றும் வரை ஊடகங்கள் காத்திருக்கத் தேவையில்லை. எச்சரிக்கை வரைபடத்தை மறுபடி வரைந்து வெளியிடும் ஒவ்வொரு செய்தித்தாளும் தொலைக்காட்சியும் எண்ணைத் தாங்களே சேர்க்கலாம். சிவப்பும் பச்சையுமாக அணிகளைப் பிரித்துக் காட்டும் தேர்தல் முடிவு வரைபடங்களுக்கும் இது பொருந்தும். அனுப்புவதற்கு முன் சோதிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். போனின் அதே அமைப்புப் பட்டியலில் Grayscale என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கி, வரைபடத்தைச் சாம்பல் நிறத்தில் பார்த்து, எந்த மாவட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் படம் வடிவமைப்பாளரிடம் திரும்பிப் போகட்டும்.