சிமென்ட்டை மொத்தமாக இறக்கலாமா?

கேள்வி: ஐந்து மாடுகளுக்குக் கொட்டகை கட்டப்போகிறேன். 60 மூட்டை சிமென்ட் ஆகும் என்கிறார் கொத்தனார். மொத்தமாக எடுத்தால் மூட்டைக்கு 10 ரூபாய் குறைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: மொத்தமாக எடுக்க வேண்டாம். மூட்டை 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு மிச்சமாவது 600 ரூபாய். ஈரக்காற்றில் இரண்டு மூட்டை கட்டிதட்டினாலே 800 ரூபாய் போய்விடும்.

அஸ்திவாரத்துக்கு 20 மூட்டை என்றால், முதலில் அதை மட்டும் இறக்குங்கள். சுவருக்கான 15 மூட்டையைச் செங்கல் வரும் வண்டியிலேயே ஏற்றிவந்தால் தனி வாடகை இல்லை. தரைக்கும் பூச்சுக்குமான 25 மூட்டை கடைசியில்தான் தேவை. ஏனென்றால், உள்ளே கொட்டிய கிராவல் மண் தண்ணீர் விட்டு நன்றாகப் படிந்த பிறகே தரை போட வேண்டும். அதுவரை அந்த 10,000 ரூபாய் பயிருக்கு மேலுரம் வாங்க உதவும். விலை ஏறும் என்று பயந்தால், சிறிது முன்பணம் கொடுத்து, மூன்று தவணையாக எடுப்பதாக ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஒவ்வொரு முறையும் மூட்டையில் அச்சிட்ட தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள். மூன்று மாதம் கிடந்த சிமென்ட்டின் பலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். இறக்கிய மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கித் தார்ப்பாயால் மூடுங்கள். பிரித்ததும் கட்டி இருந்தால் விரலால் நசுக்குங்கள். பொடியாக உதிராத கட்டி உள்ள சிமென்ட்டை வேலைக்குச் சேர்க்காதீர்கள்.