செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றப் போகிறீர்களா? முதலில் வருகைப் பதிவேட்டைத் திறங்கள்!

அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ‘இந்த ஏஜென்சியை மாத்திடலாம்’ என்று ஒருவர் எழுதினால் போதும், மடமடவென்று தம்ஸ்அப் விழும். அந்தச் சூட்டோடு செயலாளர் ஏஜென்சி மேலாளருக்கு போன் போட்டு, ‘அடுத்த மாசத்துலேருந்து ஆள் அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லிவிடுவார். பிரச்னை அங்கேதான் தொடங்கும். மேலாளர் பதற்றமே இல்லாமல், ‘ஒப்பந்தப்படி எழுத்துல நோட்டீஸ் தரணுமே சார்?’ என்பார். அதற்குப் பதில் இருக்காது.

கேட்டில் தூங்கினார்கள், போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் குடியிருப்புவாசிகள் வழக்கமாகச் சொல்லும் புகார். ஆனால், அதை நிரூபிப்பது கடினம். சுலபமாக நிரூபிக்கக்கூடிய குறை வேறு. அது, ஆளே வராத ஷிஃப்ட்டுக்கும் சேர்த்து பில் போடுவது.

சென்னைப் புறநகரில் 84 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். மெயின் கேட், பின்பக்க கேட், பேஸ்மென்ட் பார்க்கிங் என மூன்று இடங்களில் காவல். பகலில் மூவர், இரவில் மூவர், ஆளுக்கு 12 மணி நேரம். (12 மணி நேர ஷிஃப்ட் இங்கே இயல்பாகிவிட்டது தனிச் சோகம்.) 30 நாள் கொண்ட மாதத்துக்கு மொத்தம் 180 ஷிஃப்ட். ஆளுக்கு 18,000 ரூபாய் வீதம் 1,08,000 ரூபாய், 18 சதவிகித ஜி.எஸ்.டி சேர்த்து 1,27,440 ரூபாய்க்கு பில் வருகிறது.

கமிட்டியில் ஒருவர் பில்லையும் பதிவேட்டையும் சிசிடிவி பதிவையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் ஒரு வாரத்து வருகை மொத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. இரவு ஷிஃப்ட்டில் பெயர் இருக்கும் ஒருவர் கேமராவில் எங்குமே இல்லை. இன்னொருவர் பகல் ஷிஃப்ட் முடிந்து, அதே சீருடையில் இரவும் நிற்கிறார். எண்ணிப் பார்த்தால் 14 ஷிஃப்ட்டுக்கு ஆளே இல்லை. விடியற்காலை 3 மணிக்கு நாற்காலியில் தூங்கியவரைப் படம் எடுத்து குரூப்பில் போட்டார்களே, அவர் 20 மணி நேரத்துக்கு மேல் டியூட்டியில் இருந்தவர். தவறு யாருடையது என்பதை இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும். மாற்று ஆள் அனுப்ப வேண்டியது ஏஜென்சி, அவர் அல்ல.

14 ஷிஃப்ட்டுக்கு, ஷிஃப்ட்டுக்கு 600 ரூபாய் வீதம் 8,400 ரூபாய். அதற்கான ஜி.எஸ்.டி 1,512 ரூபாயையும் சேர்த்தால் 9,912 ரூபாய். இதை கமிட்டி தானாகக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினால், ஏஜென்சியின் கணக்கில் அது ‘பாக்கி’ என்றே நிற்கும். பிரியும்போது அந்தப் பாக்கி பூதாகரமாக எழுந்து வரும். எனவே, திருத்திய பில்லோ கிரெடிட் நோட்டோ கேட்டு வாங்க வேண்டும். ஏஜென்சி அதைக் கொடுத்துவிட்டால், தன் குறையைத் தானே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும்.

ஒரு முக்கியமான விஷயம். சிசிடிவி டிவிஆரில் பழைய பதிவு தானாக அழிந்து, அதன் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். பல குடியிருப்புகளில் 15 முதல் 30 நாள் வரைதான் நிற்கும். சந்தேகம் வந்த அன்றே தேவையான பகுதியை பென்டிரைவில் எடுத்து வைக்காவிட்டால், பிறகு வாய்ப்பேச்சுதான் மிஞ்சும்.

அடுத்தது முதல் கடிதம். இது விலகல் கடிதம் அல்ல, திருத்திக்கொள்ளச் சொல்லும் கடிதம். ‘சேவை திருப்தியாக இல்லை’ என்று எழுதினால் பயனில்லை. ‘இந்தத் தேதி, இரவு ஷிஃப்ட், பின்பக்க கேட், ஆள் இல்லை’ என்று 14 வரிகள் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதும் வேண்டும். ஒப்பந்தத்தில் கால அளவு இல்லையென்றால் 15 நாள் கொடுப்பது நியாயமாக இருக்கும்.

அவகாசம் முடிந்தும் அதே கதை என்றால், ஒப்பந்தத்தில் இரண்டு வழிகளைத் தேட வேண்டும். ஒன்று, குறையைக் காரணம் காட்டி முறிப்பது. மற்றொன்று, காரணமே சொல்லாமல், பெரும்பாலும் 30 நாள் நோட்டீஸில் விலகுவது. கோபத்தில் இருக்கும் கமிட்டி முதல் வழியைத்தான் விரும்பும். ஆனால், அதில் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் நிரூபிக்கும் சுமை கமிட்டியின் தலையில் விழும். ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள முடியுமென்றால் இரண்டாவது வழிதான் புத்திசாலித்தனம். முதல் கடிதமும் கிரெடிட் நோட்டும் பின்னால் தகராறு வந்தால் கைகொடுக்கும்.

‘ஒப்பந்தக் காலம் முடியும் முன் விலகினால் மூன்று மாதத் தொகை’ என்று சில ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறியதற்காகக் குறிப்பிடப்படும் தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ, அதைத்தான் கேட்க முடியும். இந்த மிரட்டல் வந்தால் மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுவது நல்லது.

விலகல் கடிதத்தைச் செயலாளர் தனியாக எழுதி அனுப்பக் கூடாது. நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, அதன் தேதியைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டிலும், கூடவே மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் நாள்கள் கடிதம் கிடைத்ததிலிருந்தா, அனுப்பியதிலிருந்தா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொண்டு, கடைசி ஷிஃப்ட்டின் தேதியையும் நேரத்தையும் எழுதிவிட வேண்டும்.

அந்த 30 நாளில் புது ஏஜென்சியைப் பிடிப்பார்கள். அதற்கு 2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின்படி உரிமம் இருக்கிறதா, தேதி தாண்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘பழைய காவலர்களையே நாம எடுத்துக்கலாமே’ என்ற யோசனையும் வரும். நல்ல மனதுதான். ஆனால், அவர்களை நேரடியாகச் சேர்க்கக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் தடை இருக்கும். படித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.

மாற்றும் நாளில் பழைய ஷிஃப்ட்டும் புது ஷிஃப்ட்டும் ஒரு மணி நேரமாவது சேர்ந்து நிற்கட்டும். மோட்டார் ரூம், மொட்டை மாடி, ஜெனரேட்டர் சாவிகளை எண்ணி வாங்கி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். டிவிஆர் பாஸ்வேர்டையும், விசிட்டர் ஆப்பில் பழைய மேற்பார்வையாளருக்கு இருக்கும் அட்மின் அனுமதியையும் அன்றே மாற்ற வேண்டும். சாவியை எல்லோரும் நினைவு வைத்துக் கேட்பார்கள். ஆப் அனுமதி மறந்துபோகும். குடியிருப்பவர்களின் பெயரும் போன் நம்பரும் யாருடைய போனிலோ மாதக்கணக்கில் கிடக்கும்.

கடைசி பில்லை நிறுத்தி வைக்கலாம் என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஏஜென்சி முதலாளிக்கு வலிக்காது. ‘அப்பார்ட்மென்ட்ல பணம் வரலை’ என்று சொல்லி, காவலர்களின் கடைசி மாதச் சம்பளத்தில் கை வைப்பார்கள். அதற்குப் பதிலாக, காவலர்களின் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறியதற்கான சான்று, அந்த மாதத்துக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்கள் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். அந்தச் சலான்களில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் போதாது, இங்கே வேலை பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியலும் வேண்டும். பட்டியலில் அத்தனை பேரும் இருந்தால், வராத ஷிஃப்ட்டுகளைக் கழித்த திருத்திய பில்லை வாங்கிக்கொண்டு, அந்த வாரமே பணத்தை அனுப்பிவிட்டு, ‘இரு தரப்புக்கும் பாக்கி இல்லை’ என்று எழுதி வாங்கிவிடலாம்.